ஏறாத சுமைக்கு ஏறிய எண்

காலை ஒன்பதரை மணி. ஒரு பொறியியல் கல்லூரியின் கட்டமைப்பு ஆய்வுக்கூடத்தில், இரண்டு தாங்கிகளின் மேல் மூன்று மீட்டர் இடைவெளிக்கு ஓர் எஃகு உத்தரம் கிடத்தப்பட்டிருக்கிறது. 200 மில்லிமீட்டர் உயரமுள்ள 'ஐ' வடிவ உத்தரம். கட்டட வேலைகளில் ஐ.எஸ்.எம்.பி. 200 என்பார்களே, அதுதான். அதன் அடிப்பட்டையின் நடுவில் தபால்தலையைவிடச் சிறிய ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து 15 மீட்டர் கேபிள் தரையில் ஓடி, மூலையிலுள்ள மேசையில் இருக்கும் அளவீட்டுக் கருவிக்குப் போகிறது. திரையில் பூஜ்யம். ஜாக்கி இன்னும் உத்தரத்தைத் தொடவில்லை.

ஏதோ ஒரு பம்ப் வரவில்லை, சோதனை தள்ளிப்போகிறது. தகரக் கூரை சூடேறுகிறது. ஷட்டர் வழியாக வெயில் தரைக்கு வருகிறது. பகல் பன்னிரண்டுக்குத் திரையைப் பார்த்தால் 380. உத்தரத்தின் மேல் ஒரு கிலோ எடைகூட வைக்கப்படவில்லை. ஆனால் கருவி சொல்வதை நம்பினால் எஃகு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 76 நியூட்டன் இழுவையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் காட்சி கற்பனைதான். எண்கள் கற்பனையல்ல, கணக்குப் போட்டு வந்தவை. ஸ்ட்ரெயின் கேஜை முதன்முதலாகக் கையாளும் எவரும் இதைப் போன்ற ஒரு பகல்பொழுதைப் பார்த்துவிடுவார்கள். குற்றவாளி கேஜ் அல்ல, உத்தரமும் அல்ல. தரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் செம்புக் கம்பி.

ஏன் என்று புரிய, அளக்க வேண்டிய பொருள் எவ்வளவு சிறியது என்று பார்க்க வேண்டும். ஒரு பொருளை இழுத்தால் நீள்கிறது. எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு நீண்டது என்ற விகிதம்தான் திரிபு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சியை ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்கிறார்கள். நம் உத்தரத்தின் மேல், ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, இரண்டு இடங்களில் தலா 20 கிலோநியூட்டன் சுமை வைக்கப்போகிறார்கள். மொத்தம் நான்கு டன் சுமார். அப்போது நடு ஒரு மீட்டர் முழுக்க வளைவு ஒரே அளவாக இருக்கும். கேஜ் பத்து மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருந்தாலும் பாதகமில்லை. கணக்குப்படி அடிப்பட்டையில் தகைவு 89 மெகாபாஸ்கலுக்குச் சற்று அதிகம். திரிபு 447 மைக்ரோஸ்ட்ரெயின்.

கேஜ் என்பது மெல்லிய தாளில் பாம்புபோல மடிந்து மடிந்து ஓடும் உலோக இழை. எஃகு நீண்டால் இழையும் நீண்டு மெலிகிறது, மின்தடை கூடுகிறது. சாதாரண கேஜின் தடை 120 ஓம். திரிபைப் போல இரண்டு மடங்கு விகிதத்தில் தடை மாறும். அந்த 'இரண்டு'க்குத்தான் கேஜ் ஃபேக்டர் என்று பெயர். நான்கு டன் சுமைக்கு 120 ஓம் எவ்வளவாக மாறும்? 120.107 ஓம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சில்லறைதான் சோதனையின் மொத்த விளைச்சல்.

இதை மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது. பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டன் சமனச்சுற்று படித்தவர்களுக்கு வழி தெரியும். நான்கு தடைகளைச் சதுரமாக இணைத்து, எதிரெதிர் மூலைகளில் மின்னழுத்தம் கொடுத்தால், நான்கும் சமமாக இருக்கும்வரை மற்ற இரு மூலைகளுக்கிடையே ஒன்றுமே தெரியாது. ஒன்று இம்மி மாறினாலும் அங்கே சிறு மின்னழுத்தம் எழும். 1833-ல் சாமுவேல் கிறிஸ்டி சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்துப் பிரபலப்படுத்திய வீட்ஸ்டனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதில் ஓர் உலோக இழையை ஒட்டி அளக்கலாம் என்ற யோசனை 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் தனித்தனியே பிறந்தது. கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸ், எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜ். ரூஜ் அப்போது நிலநடுக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆக, இந்தக் கருவி பிறந்ததே ஒரு கட்டமைப்புச் சோதனைக்காகத்தான்.

நான்கு தடைகளில் ஒன்று மட்டும் கேஜ், மீதி மூன்றும் கருவிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் நிலையான தடைகள் என்றால் அது குவார்ட்டர் பிரிட்ஜ். கால் பங்கு பாலம். ஓர் உத்தரத்திலோ பாலத்திலோ முப்பது நாற்பது இடங்களில் அளக்கும்போது, ஓர் இடத்துக்கு ஒரு கேஜ் என்ற இந்தச் சிக்கனம்தான் எடுபடும். பாலத்துக்கு 2 வோல்ட் கொடுத்தால் கணக்கும் வாய்ப்பாடு மாதிரி எளிது: ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு ஒரு மைக்ரோவோல்ட்.

இப்போது கம்பிக்கு வருவோம். கேஜின் இரு கால்களிலிருந்தும் ஒவ்வொரு கம்பி எடுத்துக் கருவியில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். மெல்லிய 26 கேஜ் கம்பி 15 மீட்டருக்கு 2 ஓம் தடை கொண்டது. போக இரண்டு, வர இரண்டு. கேஜோடு வரிசையாக நான்கு ஓம் சேர்ந்துகொள்கிறது. அந்த நான்கு ஓமும் செம்பு. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் செம்பின் தடை 0.39 சதவீதம் ஏறும். நான்கு ஓமில் அது 0.0156 ஓம். கருவிக்கு அது கேஜில் ஏறியதா, கம்பியில் ஏறியதா என்று தெரியாது. டிகிரிக்கு 63 மைக்ரோஸ்ட்ரெயின் என்று எழுதிவிடும். ஆறு டிகிரிக்கு 380. பத்து டிகிரி ஏறினால் 629. நான்கு டன் சுமை தரப்போகும் 447-ஐவிட அதிகம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. சுமை இல்லாதபோதே எண் ஒரே திசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். பல கேஜ்கள் இருந்தால், நீளமான கேபிள் கொண்டது அதிகமாகவும் குட்டையானது குறைவாகவும் ஊரும். கேபிளை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சற்று நேரம் பிடித்திருந்தாலே எண் நகர்ந்தால், விசாரணை முடிந்தது.

தீர்வு, இன்னும் ஒரே ஒரு கம்பி. கேஜின் ஒரு காலில் ஒரு கம்பி. மற்றொரு காலில் இரண்டு கம்பிகள். தனியாக வரும் கம்பி கேஜோடு சேர்ந்து பாலத்தின் ஒரு கரத்தில் நிற்கும். ஜோடிக் கம்பிகளில் ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் 120 ஓம் ஈடுதடையோடு சேர்ந்து அடுத்த கரத்தில் நிற்கும். தராசின் இரு தட்டிலும் இப்போது அதே செம்பு, அதே நீளம், அதே வெயில். இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், முள் அசையாது. ஜோடியில் மிச்சமிருக்கும் மூன்றாவது கம்பி, பாலத்தின் மூலையில் மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல மட்டும். அதில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லை. ஆகவே அதன் தடை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை.

ஜோடி சேரும் இடம் கேஜின் காலாகவே இருக்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். மூன்று கம்பி கேபிளை வாங்கி, கேஜ் பக்கம் இரண்டை மட்டும் பற்றவைத்துவிட்டு, மூன்றாவதைக் கருவியின் முனையில் முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் உண்டு. பார்வைக்கு மூன்று கம்பி. வேலைக்கு இரண்டு கம்பி. கருவியிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஜோடிக் கம்பிகளுக்கிடையே நம் கேபிளில் 4 ஓம் இருக்க வேண்டும், ஏனென்றால் மின்னோட்டம் கேஜ் கால்வரை போய்த் திரும்புகிறது. தனிக் கம்பிக்கும் ஜோடியில் எதற்கும் இடையே 124 ஓம். இந்த மூன்று அளவுகளும் சரியாக இருந்தால் கம்பி வேலை சரி.

மூன்று கம்பியும் தீர்க்காத ஒன்று உண்டு: உத்தரமே சூடாகி நீள்வது. எஃகுக்கென்று பதப்படுத்திய கேஜை எஃகிலும் அலுமினியத்துக்கானதை அலுமினியத்திலும் ஒட்டுவது அதற்காகத்தான். அட்டையில் இருக்கும் குறியீட்டைப் பார்க்காமல் மாற்றி ஒட்டினால், கம்பி எவ்வளவு ஒழுங்காக இருந்தும் வெப்பம் திரிபாக வேஷம் போடும்.

அடுத்து சமன் செய்தல். 120 ஓம் கேஜ் என்று விற்கப்படுவது 120.0 ஆகவே இருக்காது. 0.3 ஓம் கூடக்குறைய வருவது வழக்கம். அதுவே 1250 மைக்ரோஸ்ட்ரெயின். ஒட்டும்போது அழுத்தியதில் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும். எனவே சுமை ஏற்றுமுன் திரையில் ஏதோ ஓர் எண் இருக்கத்தான் செய்யும். எண்ணெய்க் கடையில் காலிப் பாத்திரத்துக்கு ஈடாக மறுதட்டில் கல்லை வைப்பதுபோல, அந்த எண்ணைக் கழித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். பழைய கருவிகளில் ஒரு திருகை மெல்லத் திருகி முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்று 'ஜீரோ' பொத்தானை அழுத்தினால், மென்பொருள் கழித்துக்கொள்கிறது.

வசதிதான். ஆனால் அந்தப் பொத்தான் எதை வேண்டுமானாலும் விழுங்கிவிடும். சமன் செய்வதற்கு முன் இருந்த பச்சை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதாமல் பொத்தானை அழுத்துவது, நோயாளியின் காய்ச்சலைப் பார்க்காமலே மாத்திரை கொடுப்பது மாதிரி. நம் கேஜில் +840 என்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம்; சாதாரணம். 16,000-ஐ ஒட்டி இருந்திருந்தால்? நான்கு ஓம் கம்பி ஒரே கரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதாவது மூன்று கம்பி இணைப்பு எங்கோ இரண்டு கம்பியாகிவிட்டது. நேற்று +840, இன்று காலை +780 என்றால்? அது இன்னும் சுவாரசியமான கேள்வி.

கேஜின் இரு கால்களுக்கிடையே ஈரம் புகுந்தால் மின்னோட்டத்துக்கு ஒரு குறுக்குவழி கிடைத்துவிடும். அந்த ஈரத்தின் தடை ஒரு மெகாஓம் என்றால்கூட, 120 ஓமுக்குப் பக்கவாட்டில் அது சேர்ந்து மொத்தத் தடையைச் சற்றே குறைக்கும். எவ்வளவு? 60 மைக்ரோஸ்ட்ரெயின் அளவுக்கு, அமுக்கத்தின் பக்கமாக. ஐப்பசி மழையில் மெழுகுப் பூச்சு விரிசல் விட்ட கேஜ் இப்படித்தான் நாளுக்கு நாள் கீழே வழியும். பச்சை எண்ணை எழுதிவைக்காதவர் இதை ஒருபோதும் பார்க்க மாட்டார். அவருக்கு தினமும் காலையில் பூஜ்யம்தான். உறுதிப்படுத்த, கேஜுக்கும் உத்தரத்துக்கும் இடையே காப்புத்தடையை அளப்பார்கள். அதற்கும் மின்பணியாளர் வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரை எடுத்துவிடக்கூடாது. மெல்லிய தாள் பொத்துப்போகும். குறைந்த மின்னழுத்தத்தில் அளக்கும் கருவிதான் வேண்டும். நல்ல ஒட்டலில் ஆயிரக்கணக்கான மெகாஓம் காட்டும்.

பூஜ்யம் போடும் நேரமும் முக்கியம். கருவி அரை மணி நேரமாவது சூடேறி நிலைத்த பிறகு, முதல் சுமைக்குச் சற்று முன், ஒரே ஒரு முறை. நடுவில் மறுபடி அழுத்தினால் அதுவரை ஏறிய சுமையின் கணக்கு காணாமல் போகும். இன்னொன்று: உத்தரம் தன் சொந்த எடையை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் பூஜ்யம் போடப்படுகிறது. நம் உத்தரத்தில் அது வெறும் ஆறு மைக்ரோஸ்ட்ரெயின், மறந்துவிடலாம். ஓடும் பாலத்தில் கேஜ் ஒட்டி லாரிகளை நிறுத்திச் சோதிக்கும்போது அப்படி மறக்க முடியாது. அங்கே கேஜ் சொல்வது லாரிகள் சேர்த்ததை மட்டும். கான்கிரீட் தளம் இத்தனை ஆண்டாக ஏற்றிவைத்திருக்கும் சுமையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பூஜ்யம் சரி. ஆனால் கருவி 447 என்று காட்டும்போது அது 447-தானா? கடைத்தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல் இருக்கிறது. திரிபுக்கு அப்படி ஒரு கல்லை எங்கே வாங்குவது?

ஈரம் செய்த அதே வேலையை, தெரிந்த அளவில், வேண்டுமென்றே செய்வதுதான் ஷன்ட் சோதனை. கேஜுக்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய தடையைச் சிறிது நேரம் இணைத்தால், மொத்தத் தடை துல்லியமாகத் தெரிந்த அளவு குறையும். 1000 மைக்ரோஸ்ட்ரெயின் அமுக்கம்போலத் தெரிய எவ்வளவு தடை வேண்டும்? 120 ÷ (2 × 0.001) − 120 = 59,880 ஓம். கேஜ் ஆய்வுக்கூடங்களில் பலருக்கு இந்த எண் தொலைபேசி எண்போல மனப்பாடம். கடையில் இது கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவில் அலைந்தாலும் பக்கத்தில் வருவது 60.4 கிலோஓம்தான். அதனால் நஷ்டமில்லை. 60,400 ஓம் என்றால் 991 மைக்ரோஸ்ட்ரெயின், அவ்வளவே. தடையின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும் சாதாரண கார்பன் தடையை வைத்தால் 50 மைக்ரோஸ்ட்ரெயின் சந்தேகம் கல்லிலேயே ஒட்டியிருக்கும்.

59,880-க்கு 1000 என்பது கேஜ் ஃபேக்டர் 2.0 ஆக இருந்தால்தான். அட்டையில் 2.11 என்று போட்டிருந்து கருவியிலும் அதையே கொடுத்திருந்தால், சரியான விடை 948. அதைப் பார்த்துக் கருவி பிழை என்று எண்ணி 1000 ஆகும்வரை திருகியவர்கள், நன்றாக இருந்ததைக் கெடுத்தவர்கள்.

நம் கேஜுக்கு 2.0 என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் உத்தரத்துக்கு அடியில் குனிந்து, தடையின் இரு முனைகளையும் கேஜின் கால்களில் அழுத்திப் பிடிக்கிறார். திரையில் −1000 வர வேண்டும். வருவது −984. பழுது ஒன்றுமில்லை. கேஜ் நிற்கும் கரத்தில் 120 ஓமோடு அசையாத 2 ஓம் செம்பும் நிற்கிறது. 122-ல் 120 பங்குதான் திரிபுக்கு மசிகிறது. மூன்று கம்பி வெப்பத்தை ஒழித்தது, இந்த 1.6 சதவீத மந்தத்தை ஒழிக்கவில்லை. கருவியில் கேஜ் ஃபேக்டரை 2.0-லிருந்து 1.967 ஆகக் குறைத்தால் திரை −1000 காட்டும். கேபிளின் மந்தம் கணக்கில் வந்துவிட்டது.

உத்தரத்துக்கு அடியில் எதற்குக் குனிய வேண்டும், மேசையிலேயே கருவியின் முனைகளில் தடையைச் செருகினால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். தனிக் கம்பி முனைக்கும் மூன்றாவது கம்பி முனைக்கும் இடையே அதே 59,880-ஐச் செருகினால், திரை சுமார் −1050 காட்டும். தடை இப்போது கேஜை மட்டுமல்ல, கம்பியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, மின்னோட்டமே ஓடக்கூடாத மூன்றாவது கம்பியில் தன் மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. இந்த 1050-ஐ 1000 ஆக்கித் திருத்தினால், ஏற்கெனவே 984 என்று மந்தமாக இருந்த பாலம் 937-க்கு இறங்கிவிடும். 447 வர வேண்டிய இடத்தில் 419. சோதனையைச் செய்ததால் பிழை நான்கு மடங்கானது.

மேசையிலிருந்தே செய்ய நேர்மையான வழிகள் இரண்டு. கேஜின் கால்களிலிருந்து ஷன்டுக்கென்றே தனி ஜோடிக் கம்பி இழுத்துவரலாம். 59,880-க்கு முன்னால் அதன் சில ஓம் பொருட்டல்ல. அல்லது பெட்டிக்குள் இருக்கும் ஈடுதடைக்குப் பக்கவாட்டில் ஷன்டை இணைக்கலாம். பல கருவிகள் பொத்தான் அழுத்தினால் செய்வது அதைத்தான். ஈடுதடையும் 2 ஓம் செம்போடு சேர்ந்தே நிற்பதால் விடை அதே 984. மறுதட்டில் எடையைக் குறைத்தமாதிரி ஆவதால் குறி மட்டும் மாறி, இழுவையாகத் தெரியும்.

ஷன்ட் சோதனை சொல்லாதது ஒன்று இருக்கிறது, அது சின்ன விஷயமல்ல. கேஜ் உத்தரத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கேஜைப் பிய்த்து மேசைமேல் போட்டுச் சோதித்தாலும் −1000 அழகாக வரும். மின்சுற்று சரி என்பதற்குத்தான் அது சாட்சி, பசைக்கு அல்ல. பசையைச் சோதிக்க ஆய்வுக்கூடக்காரர்கள் பென்சில் ரப்பரால் கேஜை மெல்ல அழுத்துவார்கள். எண் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் ஓரிடத்தில் நின்றால் கீழே காற்றுக்குமிழி இருக்கிறது. அதன்பின் சிறு சுமையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பூஜ்யத்துக்கு எவ்வளவு சுத்தமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பின் நம் உத்தரத்துக்கு நான்கு டன் ஏறுகிறது. திரை 441 காட்டினால் யாரும் நெற்றியைச் சுருக்க மாட்டார்கள். உருட்டிய எஃகின் கனம் அட்டவணையில் இருப்பதிலிருந்து அந்த அளவுக்கு மாறும். சுமையை இறக்கினால் +3. மதியம் மூன்று மணி, கூரை காலையைவிட எட்டு டிகிரி அதிகச் சூடு, கேபிள் அதே வெயிலில்தான் கிடக்கிறது. ஒருவர் மறுபடி குனிந்து கேஜின் கால்களில் தடையை அழுத்துகிறார். +3-லிருந்து −996-க்கு இறங்குகிறது. 999 என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள், காலையில் எழுதிய +840-க்கும் 1000-க்கும் கீழே.